வித்தியாசத்தில் பாதி

பிளஸ் ஒன் கணக்குப்பதிவியல் நோட்டு ஒன்று. வங்கிச் சரிகட்டும் பட்டியல் போடச் சொல்லிக் கொடுத்த வீட்டுப்பாடம். கணக்கு ஓர் இரும்புக் கடையுடையது. மார்ச் 31 அன்று கடையின் ரொக்க ஏடு வங்கியில் 48,500 ரூபாய் இருப்பதாகச் சொல்கிறது. வங்கிப் பாஸ்புக் 47,100 என்கிறது. இடையில் ஆறு விவரங்கள். கடைக்காரர் கொடுத்த காசோலைகளில் 9,200 ரூபாய்க்கு உரியவை இன்னும் வங்கிக்கு வரவில்லை. அவர் வங்கியில் போட்ட காசோலைகளில் 14,600 ரூபாய் இன்னும் வசூலாகவில்லை. வங்கிக் கட்டணம் 350. வாடிக்கையாளர் ஒருவர் நேராக வங்கியில் கட்டிய 6,000. வங்கியே செலுத்திய காப்பீட்டு பிரீமியம் 2,400. வங்கி கொடுத்த வட்டி 750. கடைசி நான்கும் கடையின் ஏட்டில் இன்னும் ஏறவில்லை.

நோட்டில் மாணவி எழுதியிருப்பது இது. 48,500 உடன் 6,000, 750 இரண்டையும் கூட்டி 55,250. அதிலிருந்து 9,200, 14,600, 350, 2,400 நான்கையும் கழித்து 28,700.

பாஸ்புக் சொல்வது 47,100. துண்டு விழுவது 18,400 ரூபாய்.

இந்த இடத்தில் பெரும்பாலான பிள்ளைகள் செய்வது, பேனாவை எடுத்து முதல் வரியிலிருந்து மறுபடி கூட்டிப் பார்ப்பது. கூட்டல் சரியாகத்தான் இருக்கும். இன்னொரு முறை கூட்டுவார்கள். அப்போதும் சரியாகவே இருக்கும். பிழை கூட்டலில் இல்லை என்பதால் எத்தனை முறை கூட்டினாலும் அது கண்ணில் படாது. பல வருடம் விடைத்தாள் திருத்திய ஆசிரியர் வேறு வேலை செய்வார்: 18,400-ஐ இரண்டால் வகுப்பார். 9,200. கேள்வியில் அந்தத் தொகை எங்கே இருக்கிறது என்று விரலை ஓட்டுவார். முதல் விவரத்திலேயே விரல் நின்றுவிடும்.

ஏன் பாதி? ஒரு தொகையை எழுதாமலே விட்டுவிட்டால் விடை அந்தத் தொகை அளவுக்குத்தான் பிசகும். கூட்ட வேண்டியதைக் கழித்துவிட்டால் கதை வேறு. 48,500-இல் 9,200-ஐக் கூட்டியிருந்தால் 57,700 வந்திருக்கும். கழித்ததால் 39,300 வந்தது. கூட்டாமல் விட்டதில் ஒரு 9,200 போயிற்று, மேற்கொண்டு கழித்ததில் இன்னொரு 9,200 போயிற்று. பக்கம் மாறிய ஒவ்வொரு தொகையும் விடையைத் தன்னைப்போல் இரு மடங்கு தள்ளிவிடுகிறது.

வித்தியாசத்தின் அளவைப் போலவே அதன் திசையும் துப்புக் கொடுக்கும். மாணவியின் விடை இருக்க வேண்டியதைவிடக் குறைவு. ஆகவே கூட்ட வேண்டிய ஒன்று கழிக்கும் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது. கூட்டும் பக்கத்தைப் பார்க்கவே வேண்டாம். கழித்த நான்கில் எது 9,200 என்று மட்டும் பார்த்தால் போதும். விடை அதிகமாக வந்திருந்தால் தேடவேண்டியது கூட்டிய பக்கத்தில்.

சரி, மாணவி ஏன் அதைக் கழித்தாள்? அலட்சியத்தால் இல்லை. யோசித்துத்தான் கழித்திருக்கிறாள். காசோலை கொடுத்தாகிவிட்டது, பணம் போய்விடும், போகிற பணத்தைக் கழிக்க வேண்டும். வீட்டுக் கணக்கு எழுதும் யாருக்கும் இது நியாயமாகத்தான் படும். அவள் பார்க்காமல் விட்டது ஒன்றே ஒன்று: காசோலையை எழுதிய அன்றே கடைக்காரர் தன் ரொக்க ஏட்டில் அதைக் கழித்துவிட்டார். 48,500 என்பதே கழித்தது போக மிஞ்சிய தொகை. வங்கி இன்னும் கழிக்கவில்லை. வங்கிக்குத் தெரியாத அந்தச் செலவால் வங்கியில் பணம் 9,200 கூடுதலாகத் தெரிகிறது. ரொக்க ஏட்டிலிருந்து வங்கியின் எண்ணுக்குப் போக வேண்டுமானால் அதைத் திரும்பக் கூட்ட வேண்டும்.

இந்த ஆறு விவரங்களும் இரண்டு சாதி. முதல் இரண்டும் கடைக்காரருக்குத் தெரியும், வங்கிக்குத் தெரியாது. மற்ற நான்கும் வங்கிக்குத் தெரியும், கடைக்காரருக்குத் தெரியாது. பக்கம் மாறும் பிழை எங்கே முளைக்கும் என்பதை இந்தப் பிரிவே சொல்லிவிடும். ரொக்க ஏட்டு இருப்பிலிருந்து தொடங்கும்போது, வங்கி மட்டும் அறிந்த விவரங்களில் சாதாரணப் புத்தி சொல்வதே சரியாக வரும்: கட்டணம் போனது, கழி, வட்டி வந்தது, கூட்டு. தன் ஏட்டில் ஏற்கெனவே எழுதிய காசோலைகளில்தான் அந்தப் புத்தி காலை வாரும். ஆகவே ரொக்க ஏட்டில் தொடங்கிய விடையில் முதலில் சந்தேகப்பட வேண்டியது காசோலைகள் இரண்டையும்.

பாஸ்புக் இருப்பிலிருந்து தொடங்கினால் நிலைமை அப்படியே தலைகீழ். 47,100-இல் தொடங்கி, வராத காசோலை 9,200-ஐக் கழிப்பதும் வசூலாகாத 14,600-ஐக் கூட்டுவதும் இயல்பாகவே கை செய்துவிடும். வங்கிக் கட்டணம் 350-ஐக் கூட்டச் சொல்லும்போதுதான் கை தயங்கும். கட்டணத்தைப் போய் யாராவது கூட்டுவார்களா? வங்கி ஏற்கெனவே கழித்துவிட்ட, கடையின் ஏடு இன்னும் அறியாத தொகை அது. ஏட்டின் எண்ணுக்குத் திரும்ப வேண்டுமானால் கழித்ததை மீட்டுத்தான் ஆக வேண்டும். பாஸ்புக்கில் தொடங்கும் விடைகளில் பக்கம் மாறிக் கிடப்பவை கட்டணம், பிரீமியம், வட்டி போன்றவையாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

ஒரே ஒரு தொகை பக்கம் மாறினால் பாதி வைத்தியம் உடனே பலிக்கும். இரண்டு மாறினால்? ரொக்க ஏட்டில் தொடங்கும் மாணவர் இரண்டு காசோலை விவரங்களிலும் ஒருசேர ஏமாறுவது சகஜம். ஒரே யோசனைதான் இரண்டையும் கெடுக்கிறது. கொடுத்த காசோலையைக் கழித்து, போட்ட காசோலையைக் கூட்டிவிட்டால் இரும்புக் கடைக் கணக்கில் விடை 57,900 என்று வரும். வித்தியாசம் 10,800. பாதி 5,400. கேள்வி முழுக்கத் தேடினாலும் 5,400 என்று ஒரு தொகை கிடைக்காது. ஆனால் 14,600-இல் 9,200 போனால் 5,400. தவறாகக் கூட்டியதில் இருந்து தவறாகக் கழித்ததைக் கழித்தால் மிஞ்சுவதுதான் வித்தியாசத்தின் பாதி. பாதித் தொகை தனியாகக் கண்ணில் படாதபோது, இரண்டு தொகைகளின் கூட்டலாகவோ கழித்தலாகவோ அது கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆறேழு விவரம் உள்ள பள்ளிக் கணக்கில் இது இரண்டு நிமிட வேலை. நாற்பது விவரம் உள்ள கம்பெனிக் கணக்கில் இப்படித் தேடினால் தற்செயலாகப் பொருந்தும் ஜோடிகள் ஏராளம் கிடைத்து ஆளைச் சுற்றவிடும். அங்கே பாதி என்பது துப்பு மட்டுமே, தீர்ப்பு ஆகாது.

இதிலும் மோசமான நிலை ஒன்று உண்டு. வராத காசோலையும் வசூலாகாத காசோலையும் ஒரே தொகையாக, இரண்டும் 8,000 என்று இருந்து, இரண்டும் பக்கம் மாறியிருந்தால் விடை அட்சர சுத்தமாகப் பொருந்திவிடும். வித்தியாசம் பூஜ்யம், பிழை இரண்டு. விடை சரியென்பதால் பட்டியலும் சரியென்று எடுத்துக்கொள்ள முடியாத இடம் இது.

கணக்கு மேல்வரைப்பற்று ஆகும்போது, அதாவது ஓவர்டிராஃப்ட் வரும்போது, இன்னொரு விதமான தடுமாற்றம். வங்கியில் பணம் இல்லை, வங்கிக்குத்தான் கடன். ரொக்க ஏட்டின்படி மேல்வரைப்பற்று 12,000 என்று வைத்துக்கொள்வோம். கொடுத்து இன்னும் வராத காசோலை 5,000, போட்டு வசூலாகாதது 3,000, ஏட்டில் ஏறாத மேல்வரைப்பற்று வட்டி 400. இருப்புக் கணக்கில் பழகிய கை அதே வேகத்தில் 12,000-உடன் 5,000-ஐக் கூட்டும், 3,000-ஐயும் 400-ஐயும் கழிக்கும். விடை 13,600. சரியான விடை 10,400.

வித்தியாசம் 3,200, பாதி 1,600. கேள்வியில் 1,600 என்று ஒரு தொகை இல்லை. ஆனால் மூன்று விவரங்களையும் அந்த மாணவர் போட்டபடியே சேர்த்துப் பாருங்கள்: 5,000 கூட்டி 3,000, 400 கழித்தால் மிஞ்சுவது 1,600. வித்தியாசத்தின் பாதி மொத்த விவரங்களின் நிகரத் தொகைக்குச் சமமாக வந்தால், ஒரு விவரம் தவறவில்லை; முழுப் பட்டியலும் குப்புற விழுந்திருக்கிறது. மேல்வரைப்பற்றைக் கடன் என்று எண்ணாமல் கையிருப்பு என்று எண்ணிவிட்டார்கள்.

இதற்கு எண்ணைத் தொடாமலே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. மேல்வரைப்பற்று வட்டி கடனைக் கூட்டுமா, குறைக்குமா? கூட்டும். பட்டியலில் அந்த 400 கடன் தொகையிலிருந்து கழிக்கப்பட்டிருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். வட்டி போட்டுக் கடனைக் குறைக்கும் வங்கி எந்த ஊரிலும் இல்லை. குழப்பம் தீர இன்னொரு வழி, மேல்வரைப்பற்றுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி போட்டுவிட்டு, சாதாரண இருப்புக்குச் செய்வதையே செய்வது: கழித்தல் 12,000, அதனுடன் 5,000 கூட்டி, 3,000, 400 கழித்தால் கழித்தல் 10,400. குறி பார்த்துக்கொள்ளும், தனியாக இன்னொரு விதியை மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

பட்டியல் முழுதும் குப்புற விழ இன்னொரு காரணமும் உண்டு. ரொக்க ஏட்டில் தொடங்கினால் எவற்றைக் கூட்டுவது, எவற்றைக் கழிப்பது என்று அட்டவணை போட்டு மனப்பாடம் செய்தவர்களிடம் பாஸ்புக்கில் தொடங்கும் கேள்வி சிக்கினால் அட்டவணை அப்படியே தவறும். இரும்புக் கடையில் 47,100-இலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் தலைகீழாகப் போட்டால் 45,700 வரும். வரவேண்டியது 48,500. தொடங்கிய எண்ணிலிருந்து சரியான விடை 1,400 மேலே. தவறான விடை அதே 1,400 கீழே. போக வேண்டிய தூரத்தை அளந்து எதிர்த்திசையில் நடந்ததுபோல.

பக்கம் என்று பேசும்போது தமிழில் படிப்பவர்களுக்கு மட்டுமே உரிய ஒரு சிக்கலைச் சொல்லாமல் போக முடியாது. வீட்டில் அம்மா எழுதும் வரவுசெலவு நோட்டில் வரவு என்றால் வந்த பணம். தமிழ்நாட்டுக் கணக்குப்பதிவியல் பாடத்தில் டெபிட்டுக்குப் பற்று, கிரெடிட்டுக்கு வரவு. ஆகவே ரொக்க ஏட்டில் பணம் வந்தால் அது பற்றுப் பக்கத்தில் ஏறும், வரவுப் பக்கத்தில் ஏறாது. பணம் போனால்தான் வரவு. வங்கியின் ஏட்டிலோ வாடிக்கையாளர் போட்ட பணம் வங்கி திருப்பித் தரவேண்டிய கடன்; அங்கே அது வரவில் நிற்கும். அதனால்தான் கைபேசிக்கு வரும் குறுஞ்செய்தியில் பணம் போனால் டெபிட், வந்தால் கிரெடிட். வங்கி தன் கண்ணால் பார்த்ததை எழுதி அனுப்புகிறது.

ஆக, ரொக்க ஏட்டில் பற்று இருப்பு என்றாலும் பாஸ்புக்கில் வரவு இருப்பு என்றாலும் கையில் பணம் உண்டு என்றே பொருள். ரொக்க ஏட்டின் வரவு இருப்பும் பாஸ்புக்கின் பற்று இருப்பும் மேல்வரைப்பற்று. கேள்வித்தாளில் மேல்வரைப்பற்று என்ற சொல்லே இல்லாமல் 'ரொக்க ஏட்டின்படி வரவு இருப்பு' என்று மட்டும் இருக்கும். வரவு என்றால் வந்தது என்ற வீட்டு வழக்கம் குறுக்கே வந்து, மாணவர் அதைக் கையிருப்பாக எடுத்துக்கொள்வார். மேலே பார்த்த 13,600 இப்படியும் பிறக்கும்.

கடல் கடந்தால் குழப்பம் இன்னும் ருசியாகிறது. இலங்கையில் தமிழ் வழியில் கணக்கீடு படிப்பவர்களுக்கு டெபிட்தான் வரவு, கிரெடிட் செலவு. அவர்களுடைய காசேட்டில் வரவு மீதி என்றால் பணம் இருக்கிறது. தமிழ்நாட்டு ரொக்க ஏட்டில் வரவு இருப்பு என்றால் கடன் இருக்கிறது. ஒரே சொல், நேர் எதிர்ப் பொருள். தமிழ்நாட்டுப் புத்தகத்தை யாழ்ப்பாணத்து மாணவரோ, இலங்கைக் கடந்தகால வினாத்தாளை மதுரை மாணவரோ எடுத்துப் பயிற்சி செய்தால், ஒரு வரியும் தப்பாமல் போட்டும் பட்டியல் தலைகீழாக வரலாம். இந்த விஷயத்தில் வீட்டு வழக்கத்தோடு ஒத்துப்போவது இலங்கைச் சொல்தான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

இதுவரை பார்த்ததெல்லாம் இரண்டு இருப்புகளும் கையில் இருக்கும் நிலை. பரீட்சையில் பெரும்பாலும் ஓர் இருப்பைத்தான் கொடுப்பார்கள். மற்றதைக் கண்டுபிடிப்பதே கேள்வி. ஒப்பிட எண் இல்லை, வித்தியாசம் இல்லை, பாதியும் இல்லை. அப்போது பலர் நம்பும் சோதனை ஒன்று இருக்கிறது. வந்த விடையிலிருந்து தொடங்கி, கூட்டியதைக் கழித்து, கழித்ததைக் கூட்டி, பழைய இருப்புக்குத் திரும்ப வருகிறதா என்று பார்ப்பது.

மாணவியின் தவறான 28,700-ஐ வைத்தே செய்து பார்க்கலாம். கழித்த 9,200, 14,600, 350, 2,400 நான்கையும் திரும்பக் கூட்டினால் 55,250. கூட்டிய 6,000, 750 இரண்டையும் கழித்தால் 48,500. அழகாகத் திரும்பி வந்துவிட்டது! போன வழியிலேயே திரும்பினால் தொடங்கிய இடத்துக்குத்தானே வருவோம். போன ஊர் சரியான ஊரா என்று அது எப்படிச் சொல்லும்? இந்தச் சோதனை கூட்டல் கழித்தலைச் சரிபார்க்கும். பக்கத்தைச் சரிபார்க்காது. இதைச் செய்துவிட்டு நிம்மதியாகத் தாளைக் கட்டிக் கொடுக்கிற பிள்ளைகள் நிறைய.

ஒப்பிட எண் இல்லாதபோது ஒவ்வொரு விவரத்தையும் தனியாக நிறுத்தி விசாரிப்பதைத் தவிர வழியில்லை. அதற்கு நூறு ரூபாய் போதும். ரொக்க ஏட்டிலும் வங்கியிலும் நூறு நூறு இருப்பதாகக் கொள்ளுங்கள். சந்தேகமான விவரத்தை மட்டும் முப்பது ரூபாய்க்கு நடக்கவிடுங்கள். முப்பது ரூபாய்க்குக் காசோலை கொடுத்தாகிவிட்டது, வங்கிக்கு வரவில்லை: ஏட்டில் 70, வங்கியில் 100. எழுபதிலிருந்து நூறுக்குப் போக என்ன செய்ய வேண்டும்? கூட்ட வேண்டும். அடுத்து, முப்பது ரூபாய்க் காசோலை ஒன்றை வங்கியில் போட்டார், வசூலாகவில்லை: ஏட்டில் 130, வங்கியில் 100. கழிக்க வேண்டும். வங்கி முப்பது கட்டணம் பிடித்தது: ஏட்டில் 100, வங்கியில் 70. கழிக்க வேண்டும். பாஸ்புக்கில் தொடங்கும் கேள்வியானால் அதே இரண்டு எண்களை வங்கியிலிருந்து ஏட்டை நோக்கிப் படித்தால் ஆயிற்று. அட்டவணை மறந்து போகும்; இந்த நூறு ரூபாய் மறக்காது.

போட்ட காசோலை பணமில்லாமல் திரும்பி வந்து, அது ஏட்டில் ஏறாமல் இருப்பது போன்ற விவரங்களில் இதன் அருமை தெரியும். ஏடு 130 என்று மகிழ்ந்துகொண்டிருக்கிறது. வங்கி முப்பதைச் சேர்த்து, பிறகு எடுத்துவிட்டு 100-இல் நிற்கிறது. ஏட்டிலிருந்து போனால் கழிக்க வேண்டும். வசூலாகாத காசோலைக்குச் செய்வதேதான்.

நூறு ரூபாய்ச் சோதனை இல்லாமல் பலரும் சறுக்கும் விவரம் இன்னொன்று உண்டு: ஏட்டிலேயே பக்கம் மாறி எழுதப்பட்ட பதிவு. வங்கியில் போட்ட 1,800 ரூபாயை ரொக்க ஏட்டின் செலுத்தல் பக்கத்தில், அதாவது வரவுப் பக்கத்தில், தவறாக எழுதிவிட்டார்கள் என்று கேள்வி சொல்லும். மாணவர் 1,800-ஐக் கூட்டிவிட்டு நகர்வார். பக்கம் சரி, தொகை பாதி. நூறில் தொடங்கிப் பார்த்தால் தெரியும்: முப்பதைப் போட்டார், வங்கி 130, ஏட்டிலோ கூட்டுவதற்குப் பதில் கழித்ததால் 70. இடைவெளி அறுபது. ஆகவே கூட்ட வேண்டியது 3,600. பக்கம் மாறிய பதிவு இரு மடங்கு தள்ளும் என்று மாணவியின் நோட்டில் பார்த்த அதே விதி, இங்கே கேள்விக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. இந்த ரகப் பிழையில் விடை 1,800 பிசகும். அதன் பாதி 900 எங்கும் இருக்காது. பாதியைத் தேடிக் கிடைக்காதபோது முழு வித்தியாசத்துக்குச் சமமான தொகை கேள்வியில் இருக்கிறதா என்றும் ஒரு முறை பார்ப்பது இதற்காகத்தான். இருந்தால், ஒன்று அந்த விவரம் விட்டுப்போயிருக்கும், அல்லது இரட்டிப்பாக்க வேண்டியதை ஒற்றையாகப் போட்டிருப்பார்கள்.

இரண்டு இருப்பும் கையில் இருக்கும் கடைக் கணக்குகளில் இதைவிடத் திடமான சோதனை ஒன்று உண்டு. ஆடிட்டர் அலுவலகங்களில் பழக்கமானது. ஆறு விவரங்களையும் ஒரே வரிசையில் போடாமல், கடைக்காரர் அறியாத நான்கையும் அவருடைய ரொக்க ஏட்டிலேயே முதலில் எழுதிவிடுவது. 48,500-உடன் 6,000, 750 சேர்ந்து, 350, 2,400 போனால் 52,500. பிறகு வங்கியின் 47,100-ஐ எடுத்துக்கொண்டு, வங்கி அறியாத இரண்டை மட்டும் சரிசெய்வது: வர இருக்கும் 9,200-ஐக் கழித்து, வசூலாக இருக்கும் 14,600-ஐக் கூட்டினால் அதுவும் 52,500. இரண்டு பக்கமிருந்தும் நடந்து வந்தவர்கள் ஒரே இடத்தில் சந்திக்கிறார்கள்.

இந்த முறையில் புத்திக்கு எதிராகச் செய்ய வேண்டியது எதுவுமே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? கட்டணத்தைக் கழிக்கிறோம், வட்டியைக் கூட்டுகிறோம், போகப்போகிற காசோலையைக் கழிக்கிறோம், வரப்போகிற காசோலையைக் கூட்டுகிறோம். எல்லாம் பணம் நகரும் திசையிலேயே. பக்கம் மாற இடமே குறைவு. பரீட்சையில் ஓர் இருப்பு மட்டும் கொடுத்திருந்தால் இந்தச் சந்திப்பு நடக்காது என்பது உண்மை. என்றாலும் விவரங்களை இப்படி இரண்டாகப் பிரித்து எழுதிக்கொண்டு, பிறகு கேள்வி கேட்ட வடிவத்துக்கு மாற்றுபவர்கள் குறைவாகவே தடுக்கி விழுகிறார்கள்.

இன்றைக்குக் கடைகளில் பட்டியலைக் கையால் போடுபவர்கள் அருகிவிட்டார்கள். டாலி போன்ற மென்பொருளில் ஒவ்வொரு பதிவுக்கும் வங்கியில் அது ஏறிய தேதியைக் கொடுத்தால், ஏட்டு இருப்பு, வங்கியில் இன்னும் தெரியாதவை, வங்கி இருப்பு என்று திரையே காட்டிவிடும். கூட்டலா கழித்தலா என்று அது யாரையும் கேட்பதில்லை. ஆகவே பக்கம் மாறும் பிழை ஒழிந்தது என்று நினைத்தால், அது வேறு வாசல் வழியாக வந்து நிற்கும். வாடிக்கையாளர் கொடுத்த 7,350 ரூபாய்க் காசோலையை ரசீது வவுச்சராகப் போடாமல் அவசரத்தில் பேமென்ட் வவுச்சராகப் போட்டுவிடுகிறார் கணக்கர். ஏட்டு இருப்பு 14,700 குறைந்து நிற்கும்.

மென்பொருள் இதைப் பிழை என்று சொல்லாது. கொடுத்து இன்னும் வராத காசோலை ஒன்று 7,350-க்கு இருப்பதாக அமைதியாகப் பட்டியலில் வைத்துக்கொள்ளும். வங்கி அறிக்கையிலோ ஏட்டில் இல்லாத வரவு ஒன்று அதே 7,350-க்கு. இரண்டும் தனித்தனி இடத்தில் இருப்பதால் ஒன்றின் பிரதிபிம்பம் மற்றது என்று உடனே தோன்றாது. அடுத்த மாதமும் அந்தக் காசோலை வராது. அதற்கடுத்த மாதமும் வராது. ரிசர்வ் வங்கி விதிப்படி 2012 ஏப்ரல் 1 முதல் காசோலைக்கு ஆயுள், அதில் எழுதிய தேதியிலிருந்து மூன்று மாதம். நான்காம் மாதமும் பட்டியலில் ஒரு காசோலை தொங்கிக்கொண்டிருந்தால், வாங்கியவர் அதைத் தொலைத்திருக்க வேண்டும், அல்லது அப்படி ஒரு காசோலையே எழுதப்பட்டிருக்கக் கூடாது. எது என்று அறிய, காசோலைப் புத்தகத்தின் அடிக்கட்டையை எடுத்து அந்தத் தேதியில் 7,350-க்கு ஒரு தாள் கிழிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பார் அனுபவப்பட்ட கணக்கர். இல்லையென்றால் வவுச்சரைத் திறந்து பேமென்ட் என்பதை ரசீது என்று மாற்றுவார். வராத காசோலையும் எழுதாத வரவும் ஒரே நொடியில் பட்டியலிலிருந்து காணாமல் போகும்.